வித்தியாசம் 3,528 ரூபாய்தானே: ஈஆர்பியில் 2பி ஒத்துப்பார்த்து மூன்று வருட அனுபவம்

கோவையில் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மாதம் முந்நூற்றுச் சொச்சம் பர்ச்சேஸ் பில் வரும். முன்பெல்லாம் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருந்து, சப்ளையர்கள் எங்கள் பெயரில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி எக்செலை இறக்கி, வி-லுக்கப் போட்டு, மிச்சத்தைக் கலர் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டிருந்தோம். மூன்று வருடமாக, கம்பெனிக் கணக்கெல்லாம் போடுகிற ஈஆர்பி சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கிற ஒத்துப்பார்க்கும் டூலைப் பயன்படுத்துகிறோம். எந்த சாஃப்ட்வேர் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்கிற சங்கடங்கள் எதில் போட்டாலும் வருகிறவைதான்.

2022 ஜனவரி 1-க்குப் பிறகு 2பி-யில் இல்லாத பில்லுக்கு ஐடிசி, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது, எடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் 5 சதவீதம், 10 சதவீதம் என்று கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள், சின்னச் சின்ன வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பழக்கம் எங்கள் ஆபீஸில் ரொம்ப நாள் போகவில்லை. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு "கிட்டத்தட்ட சரியா இருக்கு" என்று மாத வரி ரிட்டர்னான 3பி போடுவது. 2024 நவம்பர் மாதக் கணக்கில்தான் அது எவ்வளவு தப்பு என்று புரிந்தது.

அந்த மாதம் எங்கள் புத்தகத்தில் ஐடிசி 14,62,318 ரூபாய், 2பி-யில் 14,58,790. வித்தியாசம் வெறும் 3,528. ரவுண்டிங், ஏதாவது சரக்குக்கூலி என்று விட்டுவிடலாம் போல இருந்தது. டூலை ஓட்டினால் புத்தகத்தில் மட்டும் இருப்பது 61,200 ரூபாய், 2பி-யில் மட்டும் இருப்பது 57,672 ரூபாய் என்று காட்டுகிறது. ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நிகரமாக 3,528 ஆகத் தெரிந்திருக்கிறது. உள்ளே பார்த்தால் மூன்றே பில்.

முதலாவது, வார்ப்படம் தருகிற ஃபவுண்டரியின் பில். சரக்கு மதிப்பு 1,86,400, வரி 33,552. அவர்கள் பில்லில் எண் CF/24-25/0318, போர்ட்டலிலும் அப்படியேதான். எங்கள் ஸ்டோர்ஸில் பில் போட்ட தம்பி வெறும் 318 என்று அடித்துவிட்டார். அதனால் ஒரே பில் இரண்டு பக்கமும் அநாதையாக நின்றது. இது சப்ளையர் தப்பே இல்லை. நேர்மையாகச் சொன்னால், முதல் வருடம் நாங்கள் சப்ளையர்களுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்ததில் பெரும்பகுதி எங்கள் டைப்பிங்தான்.

இதற்கு எல்லோரும் சொல்கிற வழி, பில் எண்ணில் உள்ள கோடு, சாய்வுக்கோடு, முன்னால் வரும் பூஜ்யம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒப்பிடுவது. எங்கள் டூலும் கடைசி இலக்கங்களையும் தொகையையும் வைத்து "இதுவாக இருக்கலாம்" என்று ஜோடி காட்டும். பாதி நாள் உதவும், ஆனால் மாதாமாதம் ஒரே தொகைக்கு வருகிற பில் இருக்கிறதே, செக்யூரிட்டி, வாடகை, மெஷின் பராமரிப்பு, அங்கே வழுக்கிவிடும். எங்களுக்கு ஒருமுறை செக்யூரிட்டி ஏஜென்சியின் அக்டோபர் பில்லை நவம்பர் பில்லோடு கட்டிவிட்டது, தொகை பைசா சுத்தமாக ஒன்றுதானே. நானும் மொத்தமாகத் தேர்வு செய்து ஓகே அடித்துவிட்டேன். இப்போது அந்த மாதிரி பார்ட்டிகளுக்குத் தேதியும் பில் எண்ணும் முழுதாக ஒத்தால்தான் மேட்ச் என்று வைத்திருக்கிறோம்.

உண்மையில் பலன் தந்தது டூல் இல்லை, நுழைவாயில்தான். அரசுப் போர்ட்டலில் பதிவாகிற இ-இன்வாய்ஸ் போடுகிற சப்ளையர்களின் பில்லில் உள்ள க்யூஆரை ஸ்டோர்ஸிலேயே ஸ்கேன் செய்கிறோம். அதில் இரண்டு பேரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் இருக்கும், அப்படியே என்ட்ரியில் போய் உட்காரும். வரித்தொகை மட்டும் பிரிந்து வராது, அதைப் பில்லைப் பார்த்துத்தான் சரிபார்க்க வேண்டும். சின்ன சப்ளையர்களின் பில்லுக்கு இன்னும் கையால்தான் அடிக்கிறோம், அச்சில் இருக்கிறபடி சாய்வுக்கோடு உட்பட அடிக்க வேண்டும் என்று மானிட்டரில் சீட்டு ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது பில், மோட்டார் ஸ்டாம்பிங். மதிப்பு 1,34,000, வரி 24,120. பில் தேதி நவம்பர் 29, லாரி வந்தது டிசம்பர் 3. எங்கள் புத்தகத்தில் சரக்கு வந்த பிறகுதான் ஏறும், 2பி-யில் நவம்பரிலேயே வந்துவிட்டது. 2பி-யில் இருக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாது, சரக்கு கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ள நிபந்தனைதான். சப்ளையர் காட்டிய பில்லை ஏற்கிறோமா, மறுக்கிறோமா, நிறுத்தி வைக்கிறோமா என்று போர்ட்டலில் சொல்லும் ஐஎம்எஸ் அப்போதுதான் அக்டோபரில் வந்திருந்தது. அதில் அந்த பில்லை பெண்டிங் என்று வைத்தோம், நாம் எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. 14-ஆம் தேதி 2பி உருவான பிறகு ஐஎம்எஸ்ஸில் கை வைத்தால் 2பி-யைத் திரும்பக் கணக்கிடச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பழைய எண்ணே நிற்கும். முதல் தடவை இதை மறந்துவிட்டு அரைமணி நேரம் தலையைச் சொறிந்தோம்.

மூன்றாவதுதான் நிஜமான தலைவலி. வைண்டிங் ஒயர், மதிப்பு 1,53,600, வரி 27,648. சரக்கு வந்தாயிற்று, பில் எண்ணும் சரி, 2பி-யில் இல்லை. அதே சப்ளையரின் மற்ற மூன்று பில் அந்த மாத 2பி-யில் இருந்தது. இது முக்கியமான அடையாளம். ஒரு பில்கூட இல்லையென்றால் அவர் ரிட்டர்னே போடவில்லை, அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறவர், காலாண்டு முடிந்தால் தானாக வரும். மற்றது இருந்து ஒன்று மட்டும் இல்லையென்றால் அந்த ஒன்றில்தான் ஏதோ நடந்திருக்கிறது. போன் செய்தேன்.

"நாங்க போட்டாச்சுங்க, டேக்ஸும் கட்டியாச்சு" என்றார் அவர்கள் அக்கவுண்டன்ட்.

"பிடூசி-யில போயிருக்கான்னு ஒரு தடவை பாருங்க."

ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களுக்கு விற்றதைக் காட்டும் இடம் அது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தார். புதிதாக எங்களுக்கு இன்னொரு லெட்ஜர் திறந்து, அதில் ஜிஎஸ்டி எண் போடாமல் பில் அடித்திருக்கிறார்கள். இவர்கள் இ-இன்வாய்ஸ் வரம்புக்குள் வராதவர்கள், அதனால் எதுவும் தடுக்கவில்லை. வரி அரசாங்கத்துக்குப் போய்விட்டது, எங்கள் பெயரில் போகவில்லை. அடுத்த விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்திப் போடுகிறேன் என்றார். அதுவரை வரித்தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தோம். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

ஆக, அந்த மாதம் புத்தகத்தில் இருந்து 27,648-ஐக் கழித்தாலும், 2பி-யில் இருந்து 24,120-ஐக் கழித்தாலும் ஒரே எண்தான் வந்தது, 14,34,670. அதைத்தான் 3பி-யில் எடுத்தோம்.

டூலில் எனக்கு இன்னும் தீராத ஒரு குறை உண்டு. மேட்ச் ஆன பில்லை யாராவது ரத்து செய்து திருத்தி மறுபடி போட்டால் அது புது ஆவணம் ஆகிவிடுகிறது, பழைய ஜோடி சத்தமில்லாமல் அவிழ்ந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அதனால் 3பி போட்ட அன்றே அந்த மாதத்தைப் பூட்டிவிடுகிறேன். ஸ்டோர்ஸில் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

அந்த ஒயர் பில் ஜனவரியில் டிசம்பர் 2பி-யில் வந்து நின்றது, தேதி மட்டும் பழைய நவம்பர் தேதி. டூல் உடனே ஜோடி சேர்த்துவிட்டது. மறுநாள் பிடித்து வைத்திருந்த 27,648-ஐ அனுப்பிவிட்டு, அவர்கள் லெட்ஜரில் இருந்த அந்த இரண்டாவது பெயரை அழித்தாயிற்றா என்று கேட்டேன். அழிக்கவில்லை.