பஸ் இன்ஜின்: முன்னாலா, பின்னாலா?

“அப்பா, இன்ஜின் ஏன் பின்னாடி இருக்கு?” நாகர்கோவில் போகும் பஸ்ஸில் மகள் கேட்டாள்.

“பழைய டவுன் பஸ்ல டிரைவர் பக்கத்துல சூடா ஒரு பானெட் இருக்குமே, அதுக்குள்ளதான் இன்ஜின். அது சுத்துறதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக, தரைக்கடியில நீளமா ஒரு ஷாஃப்ட் ஓடும். சத்தமும் சூடும் உள்ளேயே வரும்மா.”

“இதுல?”

“இன்ஜின் பின் சக்கரத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. ஷாஃப்ட் குட்டை. நடுவுல மிச்சமான இடத்துலதான் நம்ம பெட்டியெல்லாம் இருக்கு.”

சரி, குறையும் உண்டு. முன் இன்ஜினில் எதிர்க்காற்று நேராக ரேடியேட்டரில் படும். பின்னால் விசிறியைத்தான் நம்ப வேண்டும். தூசி அடைத்தால் சூடேறும். கோளாறுச் சத்தமும் டிரைவர் காதுக்கு எட்டாது, வெப்பம் காட்டும் முள்ளை அவர் அடிக்கடி பார்க்க வேண்டும். இருந்தாலும் ராத்திரிப் பயணத்துக்கு நான் பின் இன்ஜின் பஸ்ஸையே எடுப்பேன். கடைசி வரிசை மட்டும் வேண்டாம்.