கயிறு இழுக்கும் சாப்பர் டெமோ: நீளப் பேச்சா, சின்னப் பேச்சா?

கயிற்றை இழுத்துக் காய் நறுக்கும் சாப்பரை நின்று விற்பவர்களிடம் இரண்டு விதமான பேச்சு புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று நான்கு நிமிடம் ஓடும் நீளப் பேச்சு. முதலில் ஆள் சேர்த்து, பிறகு நறுக்கிக் காட்டி, விலையைக் கடைசியில் சொல்வது. மற்றது முக்கால் நிமிடத்தில் முடிகிற சின்னப் பேச்சு. கடந்து போகும் ஒருவரிடம் பேசி, கயிற்றை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, விலையை நேராகச் சொல்வது. பொருள் ஒன்றுதான், ஆனால் ஒன்று விற்கும் இடத்தில் மற்றது விற்காது.

சூப்பர் மார்க்கெட் வரிசைக்குச் சின்னப் பேச்சுதான் சரி. அங்கே வருபவர் கையில் டிராலி, மனதில் பட்டியல். நான்கு பேர் கூடினாலே வழி அடைபடும், கடை மேற்பார்வையாளர் வந்து கலைத்துவிடுவார். அங்கே பேச்சு இப்படி இருக்கலாம்:

“அக்கா, வெங்காயம் நாலா வெட்டிப் போட்டிருக்கேன். இடது கையால மூடியை அழுத்திப் பிடிங்க. கயிறை நேரா இழுங்க, மெதுவா விடுங்க. அஞ்சு தடவை போதும். பாருங்க, ஆம்லெட்டுக்கு இது. இன்னும் அஞ்சு இழுத்தா சட்னிக்கு வதக்கற பதம். கரண்ட் வேண்டாம். 249 ரூபாக்கா, பின்னாடி ரேக்குல இருக்கு.”

இதில் விட்டுவிடக் கூடாத வரி, இடது கையைப் பற்றியது. அதைச் சொல்லாமல் கயிற்றைக் கொடுத்தால், புதிதாக இழுப்பவர் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இழுப்பார். பாத்திரம் சாயும், ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று நகர்ந்துவிடுவார். ‘மெதுவா விடுங்க’ என்பதும் அப்படித்தான். இழுத்த கைப்பிடியைப் பட்டென்று விட்டால், உள்ளே இருக்கும் சுருள் கயிற்றை வேகமாக இழுத்துக்கொள்ளும். கயிறு தாறுமாறாகச் சுற்றி, சிக்கி நிற்கும். டெமோ மேசையில் கயிறு சிக்கினால் அந்த வாடிக்கையாளர் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்தவரும் போய்விடுவார்.

பொருட்காட்சியில் கதை வேறு. சென்னை தீவுத்திடல் போன்ற இடத்துக்குக் குடும்பமாக வருபவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார்கள். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தானாக எட்டிப்பார்ப்பார். இங்கே விலையை முதலிலேயே சொன்னால் சேர்ந்த கூட்டம் கலையும். பயன் கண்ணில் படுவதற்கு முன்பே, வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு அவர்களைத் தள்ளிவிடுகிறோம்.

நீளப் பேச்சின் பெரிய ஆபத்து, வாய் பேசும்போது கை தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருப்பது. பதினைந்து, இருபது இழுப்பு ஆனால் வெங்காயம் நீர்விட்டுக் கூழாகிவிடும். திறந்து காட்டும்போது கூட்டத்தின் முகமே மாறும். அதனால் இழுப்பைப் பேச்சோடு கட்டிவிட வேண்டும். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு” என்று கூட்டத்தையே எண்ணச் சொல்லுங்கள். நிறுத்துங்கள், திறந்து காட்டுங்கள், அதற்கப்புறம் பேசுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நிறைந்தால் அடியில் கூழும் மேலே பெரிய துண்டுமாக இரண்டு பதம் வரும். கொத்தமல்லித் தழையை ஈரம் போகத் துடைத்துப் போடுங்கள். ஈரத்தழை சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடில் படாது.

இரண்டு பேச்சிலும் வாய்தவறி வந்துவிடும் ஒரு வாக்கியம், “எல்லாத்தையும் நறுக்கும்.” இதைச் சொல்லவே வேண்டாம். தேங்காய்ச் சில்லு, எலும்போடு இறைச்சி போன்ற கெட்டியான பொருள் பிளேடில் மாட்டிக்கொள்ளும். அப்போது பலமாக இழுத்தால் கயிறு அறுந்துபோகலாம். நம்பி வாங்கியவர் திரும்பிக் கொண்டுவருவார். “தேங்காய்க்கு இது இல்லைங்க, வெங்காயம், தக்காளி, பீன்ஸ், சின்னச் சின்னதா வெட்டின கேரட், இதுக்கு” என்று சொன்னால் கேட்பவருக்கு நம்பிக்கை கூடுகிறது. “கண்ணே எரியாது” என்பதும் அரை உண்மைதான். மூடியிருக்கும் வரை நெடி உள்ளே நிற்கும், திறந்ததும் முகத்துக்கு வரும். தோல் உரித்து நாலாக வெட்டும் வேலையும் இருக்கவே செய்கிறது. “கண் எரிச்சல் குறையும்” என்று நிறுத்திக்கொள்ளலாம்.

சூப்பர் மார்க்கெட்டிலேயே ஞாயிறு மாலைக் கூட்டத்தில் இரண்டையும் கலக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரும் என்று தோன்றவில்லை. பாதி நீளப் பேச்சில் விலையும் வராது, கயிறும் கைக்குப் போகாது. மாறாக, சின்னப் பேச்சையே அடுத்தடுத்து ஓட்டி, ஒருவர் இழுக்கும்போது பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, “அடுத்தது நீங்க இழுங்கம்மா” என்று சொன்னால் போதும். அதற்கு நாலாக வெட்டிய வெங்காயம் மூடிய டப்பாவில் தயாராக இருக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. வெட்டிக்கொண்டு நின்றால் ஆள் நிற்க மாட்டார்.

பெட்டியைக் கையில் கொடுக்கும்போது சொல்ல வேண்டியது இரண்டு பேச்சுக்கும் பொது: “மூடியைத் தண்ணியில முக்காதீங்க, உள்ள கயிறு சுருள் இருக்கு, ஈரத்துணியால துடைச்சா போதும். பிளேடை விரலால வழிக்காதீங்க, பிரஷ்ஷால தேய்ங்க.”