காப்பு கழரும் காட்சி: வைட்டில் தொடங்குவதா, குளோசப்பில் தொடங்குவதா?

குறும்படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சிக் காட்சியில் இரண்டு பேரும் ஒரு மேசையும் ஒரு தங்கக் காப்பும் மட்டுமே உண்டு. இடம் யாழ்ப்பாணத்து வீடொன்றின் முன்கூடம். மகன் வெளிநாட்டுப் பயணத்துக்கான கடதாசிகளை மேசையில் பரப்பி வைத்து, குறைகிற காசைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். குசினியிலிருந்து வரும் தாய் அவனுக்கு எதிரே அமர்கிறாள். கையில் தேங்காயெண்ணெய் பூசியிருக்கிறாள், ஏனென்றால் பல வருடங்களாகக் கழற்றாத காப்பு இலேசில் கழன்றுவிடாது. அதை மெல்ல உருட்டி எடுத்து மேசையில் வைத்து, "இதைக் கொண்டுபோய் அடைவு வை தம்பி" என்கிறாள். "சும்மா இருங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து முற்றத்துக்குப் போகிறான். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்தக் காட்சியை மூன்று விதமாக அடுக்கலாம். முதலாவது, வைட்டில் இடத்தைக் காட்டி, மிட்டில் ஆட்களை நெருங்கி, குளோசப்பில் காப்பையும் முகத்தையும் பிடிக்கும் வழமையான முறை. இரண்டாவது, அதைத் தலைகீழாக்கி, எண்ணெய் பூசிய கையின் குளோசப்பில் தொடங்கிப் பின்னுக்கு வருவது. மூன்றாவது, வெட்டே இல்லாமல் ஒரே வைட்டில் முழுவதையும் ஓடவிடுவது. மூன்றுக்கும் நடிப்பும் வசனமும் ஒன்றுதான். மாறுவது ஒன்றே ஒன்று: பார்ப்பவர் எதை எப்போது அறிந்துகொள்கிறார் என்பது.

ஷொட்களின் பெயர்களை இந்தக் கூடத்திலேயே வைத்து விளங்கிக்கொள்வோம். தாய், மகன், மேசை, முற்றத்துக்குத் திறந்திருக்கும் வாசல் ஆகிய நான்கும் ஒரே சட்டகத்தில் அடங்கினால் அது வைட். ஒருவரின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதி மட்டும் தெரிந்து, கையின் அசைவும் முகத்தின் பாவமும் சேர்ந்தே வாசிக்கப்படுமானால் அது மிட். முகம் மட்டும், அல்லது காப்பும் விரல்களும் மட்டும் சட்டகத்தை நிரப்பினால் அது குளோசப். கைத்தொலைபேசியைக் கிடையாகப் பிடித்து அதன் பிரதான லென்ஸில் எடுப்பதானால், இந்த வைட்டுக்கு மேசையிலிருந்து ஏறத்தாழ 10 அடி பின்னால் நிற்க வேண்டியிருக்கும். அதே லென்ஸில் முகத்தின் குளோசப்பை எடுக்க ஒன்றரை அடிக்குள் நெருங்க நேரும். அவ்வளவு கிட்டப் போனால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்னுக்கு ஒதுங்கித் தாயின் முகம் வேறொருவருடைய முகமாகிவிடும். திரையில் 2x என்பதைத் தொட்டுவிட்டு மூன்று அடி தள்ளி நின்றால் அதே அளவு முகம் இயல்பாக வரும். குளோசப் என்றவுடன் போனைத் தூக்கிக்கொண்டு முகத்துக்குள் நுழைவது நான் அடிக்கடி காணும் தவறு.

இனி முதலாவது முறையை எடுத்துக்கொள்வோம். வைட் ஆறு வினாடி ஓடுகிறது. மகன் குனிந்திருக்கிறான், தாய் வந்து அமர்கிறாள். அடுத்து மகனின் மிட்: கடதாசியில் ஒரு தொகையை வெட்டிவிட்டு மறுபடி எழுதுகிறான், ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு தாயின் மிட்: அவனைப் பார்த்தபடியே மணிக்கட்டை உருட்டத் தொடங்குகிறாள். அந்த உருட்டலின் நடுவில் வெட்டி, கையின் குளோசப்புக்குப் போகிறோம். காப்பு எலும்பைத் தாண்டிக் கழன்று மேசையில் வைக்கப்படுகிறது. அதன் பின் மகனின் முகம் குளோசப்பில், மூன்று வினாடி. அவன் எழும்பும்போது மறுபடி வைட்: அவன் வாசலால் வெளியே போக, தாயும் காப்பும் மேசையோடு மிஞ்சுகிறார்கள். இந்த அடுக்கில் காப்பு கழரும் நேரத்துக்குள் பார்ப்பவருக்குக் காசு குறைகிறது என்பது தெரிந்துவிட்டது. ஆகவே குளோசப் அவருக்குப் புதிய தகவல் எதையும் தருவதில்லை. தெரிந்த விடயத்தின் பாரத்தை மட்டும் தருகிறது. இறுதி வைட்டுக்கும் ஒரு வேலை உண்டு. நெருங்கிப் பார்த்த முகங்களை விட்டுத் திடீரெனத் தூரம் போகும்போது கூடம் பெரிதாகவும் தாய் சிறிதாகவும் தெரிகிறாள். முதல் வைட் இடத்தை அறிவித்தது; அதே சட்டகம் இரண்டாம் முறை வரும்போது வெறுமையை அறிவிக்கிறது. கமெராவை அதே இடத்தில் வைத்தே எடுத்தால்தான் இது நடக்கும்.

இரண்டாவது முறை எண்ணெய் மினுங்கும் கையில் தொடங்குகிறது. யாருடைய கை, ஏன் கழற்றுகிறாள் என்பது தெரியாது. கலியாண வீட்டுக்கு மகளுக்குக் கொடுப்பதாக இருக்கலாம், துக்க வீடாகவும் இருக்கலாம். எங்கள் ஊரில் காப்புக் கழற்றும் கைக்குப் பின்னால் பல கதைகள் இருக்க இடமுண்டு. அடுத்து தாயின் மிட், அதன் பிறகு வைட்: எதிரே கணக்குப் பார்க்கும் மகன். கேள்வி எழுந்து விடை கிடைக்கிறது. முதல் பத்து வினாடியில் ஆளைப் பிடித்து இருத்த இது கெட்டிக்கார வழிதான், போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்களுக்காக எடுக்கும் படங்களில் இதைக் கூடுதலாகக் காண்பதற்கும் அதுவே காரணம். ஆனால் இந்தக் காட்சியில் இதற்கு ஒரு விலை உண்டு. காப்பு கழன்ற கணத்தில் பார்ப்பவர் புதிர் அவிழ்த்துக்கொண்டிருந்தார்; காரணம் தெரியவந்தபோது அந்தக் கணம் கடந்துபோய்விட்டது. அதை ஈடுசெய்ய, மேசையில் கிடக்கும் காப்பை இன்னொரு குளோசப்பில் காட்ட வேண்டி வருகிறது. அது முதல் குளோசப்பின் பலத்தில் பாதிக்குத்தான் வரும். செயலே புதிராக இருக்கும் காட்சிக்கு, உதாரணமாகத் தாய் காப்பை ஒருவருக்கும் தெரியாமல் கழற்றி ஒளித்து வைக்கிறாள் என்றால், நான் யோசிக்காமல் இந்த இரண்டாவது முறையையே தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாவது முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சட்டகத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதைத் தொடர்ந்து காண்பது வெட்டிக் காட்டுவதை விட வலிக்கக்கூடும். ஆனால் 10 அடியிலிருந்து காப்பு ஒரு மஞ்சள் கீறலாகத்தான் தெரியும், போன் திரையில் அதுவும் தெரியாது. காப்புக்குப் பதிலாகப் பெரிய பொருள் ஒன்று, தையல் மெசின் என்று வைத்துக்கொள்வோம், விற்கப்படுவதாக இருந்தால் கணக்கு மாறும். அத்தோடு ஒரு பிழைக்கும் முழு நிமிடத்தையும் மீண்டும் நடிக்க வேண்டும். புதிய நடிகர்களுக்கு அது இலேசல்ல.

ஆகவே இந்தக் காட்சிக்கு என் தேர்வு முதலாவது முறை. ஆனால் அது பலரிடம் பிழைத்துப்போவதையும் கண்டிருக்கிறேன், பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, மிட்டுக்கும் குளோசப்புக்கும் இடையில் போதிய வித்தியாசம் இல்லாதது. இடுப்பளவில் இருந்து நெஞ்சளவுக்கு வெட்டினால், அதுவும் கமெராவை அதே திசையில் வைத்து வெட்டினால், தாய் கதிரையில் ஒரு துள்ளுத் துள்ளியதுபோல் தெரியும். இதைக் கண்டுபிடிப்பது சுகம்: சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள்; வெட்டுகிற இடத்தில் உங்கள் கண் இமைத்தால் அங்கே துள்ளல் இருக்கிறது. அளவைத் தெளிவாக மாற்றுங்கள், கோணத்தையும் 30 பாகையாவது நகர்த்துங்கள். நகர்த்தும்போது தாய்க்கும் மகனுக்கும் இடையே மேசைக்கு மேலால் ஒரு கோடு கிழித்திருப்பதாக எண்ணி, அதன் ஒரே பக்கத்தில் நில்லுங்கள். யன்னல் பக்கம் என்று முடிவெடுத்தால் கடைசி வரை யன்னல் பக்கம்தான். மறுபக்கம் தாண்டினால் வைட்டில் இடப்புறம் இருந்த தாய் மிட்டில் வலப்புறம் போய், இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

மற்றது, அசைவின் நடுவில் வெட்டும்போது கை ஒட்டாமல் போவது. உருட்டத் தொடங்குவது மிட்டில், கழன்று வருவது குளோசப்பில் என்று எடிட்டிங்கில் இருந்தாலும், எடுக்கும்போது முழுச் செயலையும் இரண்டிலும் செய்ய வேண்டும். மிட்டில் பாதியோடு நிறுத்தி, குளோசப்பில் மீதியைத் தொடங்கினால் எந்த இடத்தில் வெட்டினாலும் கை ஒட்டாது. எந்தக் கை, காப்பு எவ்வளவு தூரம் ஏறியிருந்தது, எண்ணெய் மினுக்கம் இருந்ததா என்பவற்றை ஒருவர் எழுதி வைத்திருப்பது நல்லது.

எடுக்கும் ஒழுங்கு காட்டும் ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை என்றாலும், வைட்டை முதலில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் கொக்குவிலில் உறவினர் வீடொன்றில் இதுபோன்ற காட்சியை எடுத்தபோது, அழுகை வற்றிவிடும் என்று பயந்து குளோசப்களைக் காலையிலேயே எடுத்தேன். வைட்டுக்கு வந்தபோது பின்னேரமாகிவிட்டது. காலையில் கிழக்கு வாசலால் நிலத்தில் விழுந்திருந்த வெயில் போய், முகத்தின் ஒரு பக்கம் பளிச்சென்று இருந்த தாய் வைட்டில் மங்கலாக இருந்தார். நிறத்தைத் திருத்தலாம், வெயில் விழுந்த திசையைத் திருத்த முடியாது. குளோசப்பின் பின்னணி சிறியது, வெளிச்சம் மாறினாலும் ஒரு வெள்ளைத் துணியால் சமாளிக்கலாம். வைட்டில் முழுக் கூடமும் தெரிகிறது, அங்கே சூரியன்தான் முதலாளி. போனில் வெளிச்சத்தின் அளவைப் பூட்டிவிடவும் மறக்க வேண்டாம். மகன் வாசலைக் கடக்கும்போது போன் தானாகச் சரிசெய்யப் போய், அந்த இறுதி வைட்டில் தாய் இருக்கும் இடத்தின் வெளிச்சம் திடீரென மாறிவிடும்.

வைட்டை முதலில், அதுவும் காட்சியின் முதல் அசைவிலிருந்து கடைசி அசைவு வரை நிறுத்தாமல் எடுத்துவிட்டால் இன்னொரு பயனும் உண்டு. மூன்று முறைகளையும் எடிட்டிங் மேசையில் அடுக்கிப் பார்க்கலாம்: மூன்றாவது முறை ஏற்கெனவே கையில் இருக்கிறது, மற்ற இரண்டும் அதே மிட்களையும் குளோசப்களையும் மாற்றி அடுக்குவதுதான். இதற்கு ஒரு நிபந்தனை மட்டும்: கையின் குளோசப்பை, விரல் காப்பைத் தொடுவதற்கு முன்னரே ஓடவிட்டிருக்க வேண்டும். உருட்டலின் நடுவிலிருந்து தொடங்கும் குளோசப்பை மிட்டுக்குப் பின்னால் ஒட்டலாம், ஆனால் அதைக் கொண்டு ஒரு காட்சியைத் திறக்க முடியாது.