ஜப்பானில் நெட் இல்லாமல் நடப்பது: மேப், இசிம், மொழிபெயர்ப்பு ஆப் அனுபவம்

ஜப்பானுக்கு எந்த இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனிலேயே நிறுவும் சிம், வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் எழுத உட்கார்ந்தால் சிம்மைவிட மேப் மீதுதான் கோபம் வருகிறது.

கூகுள் மேப்ஸில் டோக்கியோவை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டால் போதும் என்று பலரும் நம்பிப் போகிறார்கள். போதாது. ஆஃப்லைனில் அது கார் வழியை மட்டும்தான் காட்டும். நடைவழி கிடையாது, ரயில் வழியும் கிடையாது. டோக்கியோவில் சுற்றுலாப் பயணி கார் ஓட்டுவது அரிது; நடப்பதும் ரயில் ஏறுவதும்தான் நாள் முழுக்க. தேவைப்படும் இரண்டும் இல்லாத மேப்பை ஆஃப்லைன் மேப் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஷின்ஜுகு நிலையத்திலிருந்து டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்துக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். 45-வது மாடியில் இலவசமாக ஊரைப் பார்க்கலாம் என்பதால் எல்லோரும் போகிற இடம். மேற்கு வாசலில் வெளியே வந்தால் சுமார் பத்து நிமிட நடை. ஆனால் நிலையத்தின் மேற்குப் பக்கமான நிஷி-ஷின்ஜுகுவில் தெருக்கள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. ஒரு சாலைக்கு மேலே இன்னொரு சாலை பாலம்போலக் குறுக்கே போகும். கார் வழி ஒருவழிப் பாதைகளைச் சுற்றிக்கொண்டு போகும், படிக்கட்டை அதற்குத் தெரியாது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் புள்ளியும் பக்கத்துத் தெருவுக்குத் தாவும். நீங்கள் மேலடுக்கில் நின்றுகொண்டு கீழே இருக்கும் வாசலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு ஆர்கானிக் மேப்ஸ் என்ற ஆப் நல்ல தீர்வு. இலவசம், விளம்பரம் இல்லை, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்குகிறது. நடைவழி முழுக்க ஆஃப்லைனிலேயே கிடைக்கும். படிக்கட்டு, நடைபாலம், மெட்ரோ வாசல் எண் வரை அதில் பார்க்கலாம். ஜப்பானைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தருவதால் போகிற ஊர்களை மட்டும் இறக்கினால் போதும். மெட்ரோ வழியும் காட்டும், ஆனால் நேர அட்டவணை கிடையாது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அதன் பலவீனம் தேடல். கடைப் பெயரை மாற்றி அடித்தால் பல நேரம் ஒன்றும் வராது. அதனால் வீட்டில் இருக்கும்போதே, கூகுள் மேப்ஸில் அந்த இடத்தில், பெயர் எழுதியிருக்கும் பகுதியைத் தவிர்த்து, விரலை அழுத்திப் பிடியுங்கள். இப்படி எண்கள் வரும்:

```
35.6895, 139.6917
```

அதை நகலெடுத்து ஆர்கானிக் மேப்ஸ் தேடல் பெட்டியில் ஒட்டி, புக்மார்க் செய்துவிடுங்கள். தங்கும் விடுதிக்கும் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இனி சிம். விமான நிலையத்தில் விற்கும் பயணிகள் சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டும்தான், போன் நம்பர் வராது. இசிம்மும் அப்படித்தான். ஊரிலேயே வைஃபையில் நிறுவிவிடலாம் என்பதால் என் ஓட்டு இசிம்முக்கு. கியூஆர் குறியீடு பல திட்டங்களில் ஒருமுறைதான் வேலை செய்யும். இணைப்பு வரவில்லை என்ற பதற்றத்தில் இசிம்மை அழித்துவிட்டால் பணம் போச்சு. இணைப்பு வராததற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. பயண இசிம் பலவும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம். ஜப்பானில் அது ரோமிங்கில்தான் ஓடுகிறது. ஆகவே அந்த இசிம்முக்கு `Data Roaming` ஆன் ஆக இருக்க வேண்டும். ரோமிங் என்றாலே பில் எகிறும் என்று பயந்து அதை அணைத்து வைப்பவர்களே அதிகம்.

அணைக்க வேண்டியது நம் ஊர் சிம்மின் டேட்டா ரோமிங்கை. ஐபோனில் `Allow Cellular Data Switching` என்பதையும் அணையுங்கள். இல்லையென்றால் இசிம் சிக்னல் தளரும்போது டேட்டா ஊர் சிம்முக்குத் தாவ வாய்ப்புண்டு. ஆனால் ஊர் சிம்மையே அணைத்துவிடாதீர்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். சர்வதேச ரோமிங்கைக் கிளம்பும் முன்பே செயல்படுத்தி, எஸ்எம்எஸ் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்புக்குக் கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஜப்பானிய மொழியை முன்பே இறக்கிக்கொண்டால் போதும். அச்சிட்ட மெனுவைக் கேமராவில் ஓரளவு படிக்கலாம். கையால் எழுதிச் சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டதைப் படிக்கத் திணறும். சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும் மெனு மொழிபெயர்ப்பை நம்பவே கூடாது. மிசோ சூப் என்று சரியாகத்தான் காட்டும். அதன் அடியில் இருக்கும் தாஷி பெரும்பாலும் மீனில் எடுத்த சாறு என்பது மெனுவிலேயே எழுதியிருக்காது. தாஷியில் மீன் உண்டா என்ற கேள்வியை ஜப்பானியத்தில் மாற்றி ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

இவ்வளவு திட்டிய பிறகும் கூகுள் மேப்ஸை நீக்கச் சொல்ல மாட்டேன். டேட்டா இருக்கும்போது எந்தப் பிளாட்பாரம், எந்த வாசலில் வெளியேற வேண்டும் என்பதை அதைப்போலச் சொல்ல நான் பார்த்ததில் வேறு ஆப் இல்லை. ஆனால் போனில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் ஆர்கானிக் மேப்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.