உர மூட்டைக் குறிப்பைத் தமிழாக்குதல்: சொல்லுக்குச் சொல்லா, வயல் கணக்கிலா?

உர மூட்டையிலும் அதனுடன் வரும் துண்டுப் பிரசுரத்திலும் உள்ள ஆங்கிலக் குறிப்பை இரண்டு வழிகளில் தமிழாக்கலாம். மூலத்தின் வரிசையும் அலகும் மாறாமல் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஒரு வழி. சத்துக் கணக்கை உரத்தின் எடையாகவும், ஹெக்டேரை ஏக்கராகவும் சென்ட்டாகவும் மாற்றி, விவசாயி தராசில் நிறுக்க வேண்டிய எண்ணையே எழுதுவது மற்றொன்று. நெல்லுக்கான ஒரு பிரசுரத்தைத் தமிழாக்கியபோது நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

முதல் வழியில் சரிபார்ப்பது எளிது. உரத்தின் பெயர், சத்து விகிதம், நிகர எடை போன்றவற்றை அப்படியேதான் தர வேண்டும் என்பதில் வாதமே இல்லை. வேறுபாடு தொடங்குவது அளவில்தான்.

ஒரு குறிப்பை எடுத்துக்கொள்வோம்: “ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து 50 கிலோ. தழைச்சத்தை நான்கு சம பாகங்களாகவும், மணிச்சத்து முழுவதையும் அடியுரமாகவும் இடவும்.” இதில் மொழிபெயர்ப்புப் பிழை எதுவும் இல்லை. ஆனால் 150 கிலோ என்பதை யூரியாவின் எடை என்று எடுத்துக்கொண்டால், யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதமே என்பதால் பயிருக்குக் கிடைப்பது 69 கிலோ மட்டும். ஹெக்டேரை ஏக்கர் என்று நினைத்துவிட்டாலோ, ஏறத்தாழ இரண்டரை மடங்கு உரம் விழும். பயிர் கரும்பச்சையாகத் தழைத்துச் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் எளிதில் பற்றும்.

வயல் கணக்கில் எழுதினால் ஒரு தவணைக்கு ஹெக்டேருக்கு 37.5 கிலோ தழைச்சத்து, அது 81.5 கிலோ யூரியா. 2.47 ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 33 கிலோ, சென்ட்டுக்கு 330 கிராம். முப்பது சென்ட் வைத்திருப்பவர் 10 கிலோ நிறுத்தால் போதும். அடியுரத்தில் ஒரு கழித்தலும் உண்டு. மணிச்சத்துக்காக, அந்தச் சத்து 46 சதவீதம் உள்ள டிஏபி உரத்தை இடுபவருக்கு ஏக்கருக்கு 44 கிலோ தேவை. டிஏபியில் 18 சதவீதம் தழைச்சத்தும் இருப்பதால், அந்த 44 கிலோவே ஏறத்தாழ 17 கிலோ யூரியாவின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே அடியுரத்துக்கு யூரியா 33 கிலோ அல்ல, 16 கிலோ. சொல்லுக்குச் சொல் பெயர்த்த வரியில் இந்தக் கழித்தல் கண்ணுக்கே படாது.

இந்த வழிக்கு ஆபத்தும் உண்டு. எண் ஒரு குறிப்பிட்ட உரத்துக்கு மட்டுமே பொருந்தும். டிஏபிக்குப் பதில் வேறு கலப்பு உரம் வாங்கினால் கணக்கு முழுவதும் மாறும். எனவே ஒவ்வொரு எண்ணின் அருகிலும் உரத்தின் பெயரையும் விகிதத்தையும் எழுதியாக வேண்டும். ‘இத்தனை மூட்டை’ என்றும் எழுதக் கூடாது. இந்தியாவில் யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி மூட்டை 50 கிலோ. படிக்கணக்கும் வேண்டாம், ஒரு லிட்டர் பாத்திரத்தில் யூரியா முக்கால் கிலோ அளவில்தான் பிடிக்கும், டிஏபியோ ஒரு கிலோவை ஒட்டி வரும்.

தவணைக் காலத்தில் என் சாய்வு சற்றுக் குறைவு. ‘நட்ட இத்தனையாம் நாள்’ என்று மூலத்தில் இருந்தால் நாளை நீக்குவதில்லை. ஆனால் ரகத்தின் வயதுக்கேற்ப அந்த நாள் நகரும் என்பதால் பருவத்தையும் அடையாளத்தையும் சேர்த்து எழுதுகிறேன். கதிர் உருவாகும் பருவத்தை அறிய, தாய்த் தூரின் தண்டை நீளவாக்கில் பிளந்து பார்க்கலாம். மேல் கணுவுக்குச் சற்று மேலே ஓரிரு மில்லிமீட்டர் அளவில் வெண்மையான பஞ்சு போன்ற நுனி தெரிந்தால், அதுவே மூன்றாம் தவணைக்கான நேரம். மானாவாரிப் பயிர்களில் என் அனுபவம் குறைவு. அங்கே மழையைப் பொறுத்தே தவணை அமைவதால், இப்படி அடையாளம் எழுதுவது எந்த அளவு உதவும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சேமிப்பு எச்சரிக்கையில் நேர்ப்பெயர்ப்பு வெளிப்படையாகவே தோற்கிறது. ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்றால், பல வீடுகளில் குளிர்ந்த இடம் தண்ணீர்ப் பானை இருக்கும் மூலைதான். காற்றின் ஈரத்தையே உறிஞ்சும் யூரியா அங்கே கட்டி தட்டிவிடும். ‘தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல், வெயிலும் மழையும் படாத இடத்தில் அடுக்கவும், பிரித்த மூட்டையின் வாயை இறுகக் கட்டவும், சுண்ணாம்புடன் கலக்க வேண்டாம்’ என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. ‘விலங்குகளுக்கு எட்டாதவாறு’ என்ற வரியை, ‘யூரியாவையோ, அது கரைந்த நீரையோ மாடு ஆடு உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து, காலிச் சாக்கில் தீவனம் கட்ட வேண்டாம்’ என்று விரித்தேன். இடம் கூடுதலாகப் பிடித்ததால் அச்சிடுபவர் முணுமுணுத்தார். படம் ஒன்றை எடுத்துவிட்டு அந்த வரிகளை வைக்கச் சொன்னேன்.