மீண்டு வருவதும் வராததும்: ஓர் ஒலிநாடாவையும் ஒரு கல்யாணப் படத்தையும் சுருக்கிப் பார்த்தபோது

மயிலாப்பூரில் என் அத்தை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டியில் இருபதுக்கு மேற்பட்ட ஒலிநாடாக்களும் ஒரு பழைய கல்யாண ஆல்பமும் இருந்தன. நவராத்திரிக்கு வீட்டுக் கூடத்தில் பாட்டி பாடியதையும், பக்கத்தில் ஒருவர் மிருதங்கம் வாசித்ததையும் பெரியப்பா பதிந்து வைத்த நாடாக்கள் அவை. அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது, எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் சேமிப்பதா, காதுக்கு எட்டாததை விட்டுவிட்டுச் சுருக்கும் எம்.பி.3 வடிவில் சேமிப்பதா என்பதில் எனக்கும் தம்பிக்கும் கருத்து வேறுபட்டது. "ஃப்ளாக்கில் கேட்டாலும் எம்.பி.3-இல் கேட்டாலும் என் காதுக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. பிறகு எதற்கு அண்ணா ஆறேழு மடங்கு இடம்?" என்று அவன் கேட்டான். கேட்பதற்கு மட்டும் என்றால் அவன் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நாங்கள் அந்தக் கோப்புகளைக் கேட்பதற்காக மட்டும் செய்யவில்லை.

முதலில் இடக்கணக்கைப் பார்த்துவிடலாம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக, இடம் வலம் என இரண்டு தடங்களில் எழுதப்படுகிறது. இது நொடிக்கு 1,76,400 பைட். 60 நிமிட நாடா ஒன்றுக்குச் சுமார் 635 மெகாபைட். இதையே ஃப்ளாக்காக மாற்றினால் பெரும்பாலும் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் வந்து நிற்கும். நொடிக்கு 128 கிலோபிட் எம்.பி.3 ஆக்கினால் 58 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

ஃப்ளாக் செய்வது கணிப்பு. அடுத்தடுத்த அளவுகள் 1000, 1004, 1009, 1013, 1016 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். முந்தைய இரண்டு எண்களுக்கு இடையே உள்ள ஏற்றம் அப்படியே தொடரும் என்று கணித்தால், மூன்றாவது எண் 1008 ஆக இருக்க வேண்டும். உண்மையில் 1009, ஆகவே பிழை 1. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இவ்வாறே கணித்தால் பிழை −1, −1 என்று வருகிறது. முதல் இரண்டு எண்களையும் கணிப்பு விதியையும் இந்தச் சின்னஞ்சிறு பிழைகளையும் மட்டும் எழுதி வைத்தால் போதும். விரிக்கும்போது விதிப்படி கணித்துப் பிழையைக் கூட்டினால் மூல எண்கள் ஒரு பிட் மாறாமல் திரும்பி வந்துவிடும். பாட்டியின் குரல் நீண்டு நிற்கும் இடங்களில் கணிப்பு நன்றாகப் பலிக்கிறது. நாடாவுக்கே உரிய 'ஸ்' என்ற இரைச்சலோ எந்த விதிக்கும் கட்டுப்படாதது என்பதால், அது கணிப்புக்குள் அடங்காமல் முழுவதும் பிழையாகவே எழுதப்படுகிறது. இழப்பில்லாச் சுருக்கத்துக்கு இது வேண்டியது, இது வேண்டாதது என்ற பேதம் தெரியாது. இரைச்சலையும் குரலைப் போலவே பத்திரப்படுத்துவதால்தான் பழைய நாடாக்களின் ஃப்ளாக் கோப்புகள் எதிர்பார்த்த அளவுக்குச் சிறுப்பதில்லை.

எம்.பி.3 வேறொரு கேள்வியோடு தொடங்குகிறது: இந்த நொடியில் மனிதக் காது எதைக் கேட்கப் போவதில்லை? அது ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 576 அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது. வலுவான ஒரு சுரம் ஒலிக்கும்போது அதன் அண்டையில் உள்ள மெல்லிய ஒலி காதுக்கு எட்டாமல் மறைந்துபோகிறது. அப்படி மறையும் பட்டைகளின் எண்களைத் தோராயமாக எழுதியோ முற்றிலும் விட்டுவிட்டோ இடம் மிச்சம் பிடிக்கிறது. தோராயப்படுத்துவதால் ஒருவகைப் புதிய இரைச்சல் பிறக்கும். ஆனால் அந்த இரைச்சல் உரத்த சுரத்தின் நிழலிலேயே ஒளிந்திருக்குமாறு கணக்கிடப்படுகிறது.

இந்தக் கணக்கு எங்கே தடுமாறுகிறது என்பதை மிருதங்கம் காட்டிக்கொடுத்தது. புதிய அளவுகள் 576 சேர்ந்தால் ஒரு துண்டு. அது சுமார் 13 மில்லிநொடி. அந்தத் துண்டின் கடைசியில் ஒரு சாப்பு விழுந்தால், தோராயத்தால் பிறந்த இரைச்சல் சாப்புக்குப் பின்னால் மட்டும் நிற்காமல் துண்டு முழுவதும் பரவுகிறது. அதாவது அடி விழுவதற்கு முன்பே அதன் மங்கலான சாயல் அமைதியில் கேட்டுவிடுகிறது. ஓர் உரத்த ஒலி, தனக்குச் சில மில்லிநொடிகள் முன்னால் வந்ததை மட்டுமே காதிடமிருந்து மறைக்க வல்லது; அதற்கும் முன்னால் கசிவது 'ஷ்' என்று உறைக்கும். நல்ல சுருக்கிகள் இத்தகைய இடங்களில் துண்டை மூன்றாக வெட்டிச் சமாளிக்கின்றன, ஆனால் அதற்குக் கூடுதல் பிட் செலவாகும். 128-இல் தனி ஆவர்த்தனத்தின் விரைவான சொற்கட்டுகளில் அந்தச் செலவுக்கு இடமில்லாமல் அடிகளின் முனை மழுங்கியது. 320-இல் எங்கள் இருவராலும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

படத்திலும் இதே இரண்டு வழிகள்தான்: இழப்பில்லாதது பி.என்.ஜி., இழப்புள்ளது ஜேபெக். ஆல்பத்தில் இருந்த ஆறு அங்குலம், நான்கு அங்குலப் படம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேனரில் வருடினேன்: 3600க்கு 2400 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட், மொத்தம் சுமார் 26 மெகாபைட். பி.என்.ஜி. ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணித்து, பிழைகளை எழுதுகிறது. பழைய அச்சுப்படத்தின் மணல்போன்ற துகள்கள் நாடா இரைச்சலைப் போலவே கணிப்புக்கு அகப்படாததால் கோப்பு பாதிக்கு மேலேயே நின்றுவிட்டது. ஜேபெக் 3 மெகாபைட் அளவுக்கு இறங்கியது.

ஜேபெக் எப்படி அவ்வளவு இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தகும். முதலில் அது ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. நம் கண் ஒளியின் நுணுக்கத்தை அறியும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தை அறிவதில்லை என்பதால், வழக்கமான அமைப்பில் நான்கு புள்ளிகளுக்கு, இரண்டு எண்கள் கொண்ட ஒரே நிறமதிப்பு மட்டும் வைக்கப்படுகிறது. நான்கு புள்ளிகளுக்கு 12 எண்கள் தேவைப்பட்ட இடத்தில் 6 எண்கள் போதுமாகின்றன. வேறெதுவும் செய்யாமலே பாதி குறைந்துவிட்டது. மணப்பெண்ணின் பச்சைக் காஞ்சிபுரப் புடவையில் அரக்குக் கரை தொடங்கும் விளிம்பைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், சிவப்பு ஓரிரு புள்ளி தூரம் பச்சைக்குள் கசிந்திருப்பது தெரியும்.

அதன்பின் படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகிறது. ஒவ்வொரு கட்டமும், மெதுவாக மாறும் ஒளியிலிருந்து மிக வேகமாக மாறும் ஒளி வரை, 64 அலைகளின் கூட்டாக எழுதப்படுகிறது. இழப்பின் பெரும்பகுதி அடுத்த படியில் நேர்கிறது: ஒவ்வோர் அலையின் எண்ணும் அதற்குரிய வகுஎண்ணால் வகுக்கப்பட்டு முழு எண்ணாக்கப்படுகிறது. 1992இல் வந்த தரநிலை எடுத்துக்காட்டாகத் தந்துள்ள அட்டவணையின் முதல் வரிசை 16, 11, 10, 16, 24, 40, 51, 61 என்று போகிறது. மூன்றாவது அலையின் எண் −27 என்றால், 10-ஆல் வகுத்து −3 என்று எழுதப்படும். விரிக்கும்போது −30 ஆகத் திரும்பும். ஆறாவது அலையின் எண் 14 என்றால், 40-ஆல் வகுத்ததும் சுழியம் ஆகிவிடும். பிறகு அது 14 ஆக இருந்ததா, −9 ஆக இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சேமிக்கும்போது நாம் நகர்த்தும் 'தரம்' என்ற கோல், இந்த வகுஎண்களைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோதான் செய்கிறது.

தம்பியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இழப்புள்ள சுருக்கம் எதை விடலாம் என்று முடிவெடுக்கும்போது, நாம் அந்தப் படத்தை இதே வெளிச்சத்திலும் அந்தப் பாட்டை இதே ஒலிச்சமநிலையிலும் அனுபவிப்போம் என்று நம்பிக்கொண்டு முடிவெடுக்கிறது. அந்த நம்பிக்கையை நாம் மீறும்போது, ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வருகிறது.

கல்யாணப் படத்தில் பாட்டி மண்டபத்தூணின் நிழலில் நிற்கிறார். ஜேபெக் கோப்பில் அந்த நிழலை மட்டும் வெளிச்சமாக்கியபோது, அவர் கன்னத்தில் எட்டுக்கு எட்டுக் கட்டங்களின் எல்லைக்கோடுகள் தெரிந்தன. நிழலுக்குள் இருந்த மெல்லிய ஏற்ற இறக்கங்கள் சுழியமாகிப் போயிருந்ததால் ஒவ்வொரு கட்டமும் ஒரே நிறத்துண்டாக நின்றது. பி.என்.ஜி.யில் அதே அளவு வெளிச்சம் கூட்டியபோது துகள்கள்தான் பெருகின, முகம் முகமாகவே இருந்தது. நாடாவிலும் இவ்வாறே நடந்தது. ஒலிவாங்கி மிருதங்கத்துக்கு அருகில் இருந்ததால் பாட்டியின் குரல் பின்தங்கியிருந்தது. குரலைத் தூக்க மேல் அதிர்வெண்களை உயர்த்தியதும், எம்.பி.3-இல் மிருதங்கத்தின் நிழலில் ஒளிந்திருந்த தோராய இரைச்சல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நெளியத் தொடங்கியது. ஃப்ளாக்கில் நாடாவின் சீரான இரைச்சல் மட்டுமே உயர்ந்தது. சீராக இருப்பதால் அதைப் பின்னர் குறைக்கவும் முடிந்தது.

ஃப்ளாக் என்ற பெயர் மட்டும் எதற்கும் உறுதி ஆகாது. முதல் நான்கு நாடாக்களை நகரத்தில் ஒரு கடையில் கொடுத்து மாற்றச் சொன்னேன். வந்த கோப்புகள் ஃப்ளாக்தான். ஆனால் அதிர்வெண் வரைபடத்தில் பார்த்தபோது, 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் எல்லாம் நின்றிருந்தன. நாடாவின் இரைச்சல் மேலே போகப்போகத் தேயுமே தவிர இப்படி ஒரு நேர்கோட்டில் நிற்காது. முதலில் எம்.பி.3 ஆக்கிவிட்டுப் பிறகு ஃப்ளாக்காக மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அது வலுவான அறிகுறி, கேட்டதற்கு ஒப்புக்கொண்டார்கள். போனதை ஃப்ளாக்கால் மீட்க முடியாது. இழந்தபின் எஞ்சியதை இழப்பில்லாமல் காக்க மட்டுமே முடியும். கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளையும் இதைக் கண்டுபிடிக்காது:

```
flac -t navarathri_05.flac
```

இது, விரித்த எண்களைக் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் மூலத்தின் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுகிறது. எந்த மூலம் கொடுக்கப்பட்டதோ அதையே அது மூலம் என்று அறியும்.

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் செருகியிருந்த கல்யாணப் பத்திரிகையில் மட்டும் போட்டியே இல்லை. நான்கைந்து நிறங்களும் கூரிய எழுத்துகளும் கொண்ட அந்தப் பக்கத்தை வருடி, பின்னணியைச் சுத்தமாக்கியதும், பி.என்.ஜி. கோப்பு ஜேபெக்கைவிடச் சிறியதாகவே வந்தது. ஒரே நிறம் நீண்டு செல்லும் இடங்களில் கணிப்பு தவறுவதில்லை. ஜேபெக்கிலோ எழுத்தின் கூரிய விளிம்புக்கு வேக அலைகள் அனைத்தும் தேவை. அவற்றைச் சுழியமாக்கியதால் எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் கறை படிந்து, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் சில அதற்குள் கரைந்துவிட்டன.

இப்போது நாடாக்கள் ஃப்ளாக்காகவும் வருடிய படங்கள் பி.என்.ஜி.யாகவும் இரண்டு வட்டுகளில் இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்த எம்.பி.3, ஜேபெக் படிகள்தான் அத்தையின் கைபேசியில் இருக்கின்றன; அதற்கு அவை தாராளமாகப் போதும். ஏதாவது திருத்த வேண்டுமென்றால் வட்டில் உள்ளதைத் திருத்திப் புதிய படி எடுக்கிறோம், படியைத் திருத்திப் படி எடுப்பதில்லை. தம்பி தன் கைபேசிக் கேமராவில் எடுத்த ஜேபெக் படங்களையும் பி.என்.ஜி. ஆக்கிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்: வகுத்தல் கேமராவுக்குள்ளேயே முடிந்துவிட்டது, மாற்றினால் கோப்பு பல மடங்கு பருக்குமே தவிர ஒரு புள்ளிகூடக் கூடுதலாக வராது.