சனிக்கிழமைக் கூலியும் பல்க் பைலும்: ஆறு வருட அனுபவம்

மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். சதை பிரிக்கிற பெண்கள், கழுவுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள் எல்லாரும் சேர்த்து 86 பேர். வாரக்கூலி, சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தாக வேண்டும். 2019 டிசம்பர் 16 முதல், வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெப்ட் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓட ஆரம்பித்த பிறகுதான் கவரில் பணம் போட்டுக் கொடுப்பதை விட்டோம்.

வேலை எளிதானதுதான். ஆளுக்கு ஒரு வரி எழுதி, நெட்பேங்கிங்கில் பைலாக ஏற்றுவேன். முதலாளி தன் லாகினில் பார்த்து ஓடிபி போட்டு ஒப்புதல் கொடுப்பார். எங்கள் பைலில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
NEFT,2880.00,004512345678,ABCD0123456,SELVI M,W037
```

ஏற்றும்போதே வரும் பிழைகளைப் பற்றிப் பெரிதாகக் கவலை இல்லை. எந்த வரியில் தப்பு என்று திரையிலேயே காட்டிவிடும். பெரும்பாலும் எக்செல் செய்கிற சேட்டைதான். கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 16 இலக்க எண்ணாக இருந்தால் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். கணக்கு எண் வரும் நெடுவரிசையை முதலிலேயே `Text` என்று மாற்றிவிட்டு எண்ணை அடிக்க வேண்டும். ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது எழுத்து எப்போதும் பூஜ்யம், அங்கே ஓ அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கட்டத்தில் பைலின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்பதே அங்கே தெரியாது. எங்கள் வங்கியிலேயே கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஆச்சா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும். மற்ற வங்கிக்காரர்களுக்கு ரிப்போர்ட்டில் `Success` என்று வரும். பணம் எங்களை விட்டுப் போய்விட்டது, ஒவ்வொரு அனுப்புதலுக்கும் தனியாக வரும் யுடிஆர் எண் விழுந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். பணம் ஏறிவிட்டது என்று நான் பல மாதம் படித்துக்கொண்டிருந்தேன்.

நெப்ட் அரை மணிக்கு ஒரு பேட்ச்சாகப் போகும். அந்தப் பக்கத்து வங்கியால் கணக்கில் சேர்க்க முடியாவிட்டால், பேட்ச் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அப்படித் திரும்புவது நான் சாயங்காலம் இறக்கி வைத்த ரிப்போர்ட்டில் இருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கம்பெனியின் ஸ்டேட்மென்ட்டில் தனி வரவாக வந்து உட்கார்ந்திருக்கும்.

2023 ஜனவரி கடைசிச் சனிக்கிழமை நடந்தது இது. 86 பேருக்கும் `Success`. திங்களன்று பார்த்தால் 2,880 ரூபாய் திரும்பியிருக்கிறது. பற்று மொத்தமாக ஒரே வரியில் போயிருப்பதால், யாருடைய பணம் என்று அதில் தெரியாது. அந்த வாரம் 2,880 வாங்கியவர்கள் கழுவுகிற பகுதியில் இரண்டு பேர். ஒருவர் போன மாதம்தான் வங்கி மாறியவர், அவராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி அவருக்கே மறுபடியும் போட்டேன். செவ்வாய்க்கிழமை இன்னொரு அக்கா வந்து நிற்கிறார். "எல்லாருக்கும் ஏறிருச்சாம் தம்பி, எனக்கு மட்டும் இன்னும் வரலையே."

அந்த வரவு வரியின் விவரத்தில் பழைய யுடிஆர், 16 எழுத்து, அப்படியே இருந்தது. நான் தொகையை மட்டும் பார்த்திருக்கிறேன். இரட்டையாக வாங்கியவர் அதற்குள் வட்டிக்குக் கட்டிவிட்டார். அவர் சம்மதத்தோடு இரண்டு வாரத்தில் 1,440, 1,440 என்று பிடித்தோம்.

அந்த அக்காவுக்கு ஏன் திரும்பியது? கணக்கு உயிரோடுதான் இருந்தது. முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கு அது. நிதியாண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மீன்பிடித் தடைக்காலத்தில் எங்களுக்கு வேலை நின்றுபோகும். மற்ற வாரமெல்லாம் அவர் தவறாமல் வந்தவர். 34 வாரத்துக்கு 97,920. முப்பத்தைந்தாவது வாரக் கூலி சேர்ந்தால் 1,00,800. முதல் 34 வாரமும் எந்தச் சிக்கலும் இல்லாததால் நாங்கள் யாருமே அந்தப் பக்கம் யோசிக்கவில்லை. ஆதாரோடு கிளைக்குப் போய் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் வரியின் கடைசியில் ஆள் எண் போட ஆரம்பித்தேன், மேலே இருக்கும் `W037` மாதிரி. யுடிஆரோடு வருகிற ரெஸ்பான்ஸ் பைலில் இதுவும் கூடவே வரும். அதை வைத்துத் திரும்பிய பணம் யாருடையது என்று பிடித்துவிடலாம். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தடவை ஸ்டேட்மென்ட் பார்ப்பேன். திரும்பியவர்களுக்கு மட்டும் புதுப் பெயரில் சின்ன பைல். பழைய பைலைத் திருத்தி ஏற்றவே மாட்டேன், ஒரு வரி மிச்சம் இருந்தாலும் இரண்டாம் தடவை போய்விடும்.

திரும்பியே வராத தப்பும் ஒன்று உண்டு. எண் தவறி, அது வேறு யாருடையதோ கணக்காக இருந்தால் பணம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். நெப்டில் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவு வைப்பார்கள், பெயரை ஒப்பிடுவதில்லை. 2025 ஏப்ரலிலிருந்து பணம் அனுப்புமுன் கணக்குக்காரர் பெயரைப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. எங்கள் வங்கியில் அதை ஒவ்வொருவராகத்தான் பார்க்க முடிகிறது, பைலுக்கு இல்லை. அதனால் புது ஆள் சேரும்போதே பார்த்துவிடுகிறேன். போன மாதம் சேர்ந்த அக்கா கொடுத்த எண்ணை அடித்தால் ஓர் ஆண் பெயர் வந்தது. கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஐயோ, அது எங்க வீட்டுக்காரர் பாஸ்புக்கு. மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். அதுல மட்டும் போட்டுராதீங்க தம்பி."